விசா நிராகரிப்பும் விண்ணப்பத்தை மீளப்பெறுவதும் ஒன்றல்ல: ஒஃபர் லெட்டரை ஏற்கும் முன்

மட்டக்களப்பில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பலர் அவுஸ்திரேலியப் பல்கலைக்கழக ஒஃபர் லெட்டரின் முதற் பக்கத்தை மட்டுமே கொண்டு வருகின்றனர். பாடநெறி, கட்டணம், ஆரம்பத் திகதி ஆகியவை அதில் இருக்கும்; ஆனால் கட்டிய பணம் எப்போது, எவ்வளவு திரும்பும் என்பது அதனுடன் வரும் ஒப்பந்தத்திலும், அந்த ஒப்பந்தம் சுட்டும் பணமீளளிப்புக் கொள்கையிலுமே எழுதப்பட்டிருக்கும். கையொப்பமிட்டு முற்பணம் கட்டிய பின், அவற்றை வாசிக்கவில்லை என்பது வாதமாகாது.

அங்கு 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வெளிநாட்டு மாணவர் கல்விச் சேவைகள் சட்டத்தின்படி, விசா நிராகரிக்கப்பட்டதால் மாணவர் படிப்பைத் தொடங்க முடியாமற் போனால், பெற்ற கட்டணத்தின் 5 சதவீதம் அல்லது 500 டொலர், இவற்றில் குறைந்த தொகையை மட்டுமே நிறுவனம் கழிக்கலாம். மாணவர் தாமாகவே விலகினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அப்போது ஒப்பந்தத்திலுள்ள அட்டவணையே பேசும்.

களுவாஞ்சிகுடிப் பக்கத்துக் குடும்பமொன்று 15,000 டொலர் முற்பணம் கட்டியிருந்தது. விசா முடிவு தாமதிக்கவே, நிராகரிப்பு பதிவாகிவிட்டால் பிற்காலத்தில் பாதகம் என்று கூறிய முகவர், விசா விண்ணப்பத்தை மீளப்பெறும்படி சொன்னார். நிராகரிப்பாக இருந்திருந்தால் 15,000இன் 5 சதவீதம் 750, அதைவிட 500 குறைவு, ஆகவே 14,500 டொலர் திரும்பியிருக்கும். மீளப்பெற்றதால் அது தாமாக விலகியதாயிற்று. பாடநெறி தொடங்க நான்கு வாரத்துக்குள் விலகுவோரிடம் 30 சதவீதம் கழிக்கப்படும் என்று அவர்களது ஒப்பந்தம் கூறியது. கிடைத்தது 10,500 டொலர். முகவரின் எச்சரிக்கை முற்றிலும் பொய்யல்ல, ஆனால் அதன் விலை 4,000 டொலர் என்பதை அவர் சொல்லவில்லை. விலகும் திகதியையும் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பின்பே அந்த முடிவை எடுக்க வேண்டும். வகுப்புகள் தொடங்கிய பிறகு 'சென்சஸ் திகதி' ஒன்று வரும். அதைக் கடந்து விலகுவோர் பொதுவாக அந்தத் தவணையின் முழுக் கட்டணத்துக்கும் பொறுப்பாவர்.

மறைந்திருக்கும் இன்னொரு நிபந்தனை, ஆங்கிலப் பயிற்சி அல்லது அடித்தளப் பாடநெறியையும் பட்டப்படிப்பையும் சேர்த்து வழங்கும் ஒஃபரில் இருக்கிறது. வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான ஆறு மாதத் தடை, முதலில் தொடங்கும் பயிற்சியிலிருந்து அல்ல, பிரதான பாடநெறியான பட்டப்படிப்பிலிருந்தே கணக்கிடப்படும். அதற்குமுன் மாற, விதிவிலக்குகள் தவிர, முதல் நிறுவனத்தின் விடுவிப்பு தேவை.

முகவருக்குக் கொடுக்கும் சேவைக் கட்டணம் இந்த ஒப்பந்தத்தில் சேராது. அதற்குத் தனி ரசீதும், திரும்புமா இல்லையா என்ற எழுத்தும் வாங்குங்கள். விண்ணப்பத்தில் மாணவரின் மின்னஞ்சலுக்குப் பதிலாக முகவரின் முகவரி இடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் விலகல் அறிவிப்பும் பணமீளளிப்புக் கடிதங்களும் அவர் கைக்கே போகும். மாணவர் பெயரில் எழுத்துமூலம் கோரிக்கை சென்ற நாளிலிருந்துதான், விலகியவருக்கான தொகையைச் செலுத்த நிறுவனத்துக்குள்ள நான்கு வார அவகாசம் ஓடத் தொடங்கும்.