பக்கம் மாறாத முந்நூறு ரூபாய்

பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "முப்பத்தி ரொக்க ஏட்டில் ரொக்கப் பத்திக்கும் வங்கிப் பத்திக்கும் இருப்புக் கட்டுகிறோம். தள்ளுபடிப் பத்தியைக் கூட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். அது ஏன் சார்?"

நல்ல கேள்வி. ஒரு மின்சாதனக் கடையின் ஏப்ரல் மாத ஏட்டை எடுத்துக்கொள்வோம். பெயர்களும் தொகைகளும் நானே போட்டவை. ஏட்டின் இடப்பக்கம் பணம் வந்தது, வலப்பக்கம் போனது. கடைக்காரர் 'வரவு' என்று சொல்வது பாடநூலில் பற்றுப் பக்கமாக இருக்கும். அந்தக் குழப்பத்தை இன்னொரு நாள் பார்க்கலாம். இரண்டு பக்கத்திலும் தள்ளுபடி, ரொக்கம், வங்கி என மூன்று பத்திகள்.

மாதத் தொடக்கத்தில் கல்லாவில் ரூ.8,000, வங்கியில் ரூ.40,000. முருகன் ரூ.10,000 தர வேண்டியவர். பத்து நாளைக்குள் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி என்று பேச்சு, ரொக்கமாக ரூ.9,800 கொடுத்துக் கணக்கை முடித்தார். செல்வி ரூ.5,000 பாக்கிக்கு ரூ.4,900 வங்கிக்கு அனுப்பினார். கடைக்காரர் மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய ரூ.20,000க்கு ரூ.19,400 காசோலை கொடுத்தார். வாடகை ரூ.3,000 ரொக்கம். இடையில் கல்லாவிலிருந்து ரூ.12,000 வங்கியில் கட்டினார். இது எதிர்ப்பதிவு, ஒரே ஏட்டின் இரு பக்கமும் விழும். மாத முடிவில் கல்லாவில் ரூ.2,800, வங்கியில் ரூ.37,500. தள்ளுபடிப் பத்தியில் இடப்பக்கம் ரூ.300, வலப்பக்கம் ரூ.600.

கல்லாவைத் திறந்து எண்ணினால் அந்த ரூ.2,800 இருக்கும். தள்ளுபடியில் 600 கழித்தல் 300, ஆக 300 'இருப்பு' என்று எழுதினால் அதை எங்கே போய் எண்ணுவது? இடப்பக்கம் கடை விட்டுக்கொடுத்தது, அது நட்டம். வலப்பக்கம் கடைக்கு மற்றவர் விட்டுக்கொடுத்தது, அது இலாபம். இரண்டும் வேறு வேறு ஆட்களோடு நடந்தவை. அதனால்தான் தனித்தனியாகக் கூட்டி நிறுத்துகிறோம்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்த படி. ரொக்கப் பத்தி வெறும் குறிப்பு அல்ல, அதுவே ரொக்கக் கணக்கு. முருகனின் 9,800 அதில் ஏறியதுமே இரட்டைப் பதிவில் பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்குப் பேரேட்டில் முருகன் கணக்கின் வரவுப் பக்கம் போகிறோம். அங்கே 9,800 மட்டும் எழுதினால் அவர் கணக்கு மூடாது. 9,800 ரொக்கம், 200 தள்ளுபடி என்று 10,000 எழுதுகிறோம். 9,800க்கு ஜோடி ரொக்கப் பத்தியில் இருக்கிறது. 200க்கு? தள்ளுபடிப் பத்தி கணக்கே இல்லை, நினைவுக்குறிப்பு. ஆகவே அந்த 200 ஜோடியில்லாமல் காத்திருக்கிறது, செல்வியின் 100உம் அப்படியே. மாத முடிவில் 300ஐ மொத்தமாக 'அளித்த தள்ளுபடி' கணக்கின் பற்றுப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் ஜோடி சேர்கிறது. நாற்பது வாடிக்கையாளர் இருந்தாலும் தள்ளுபடிக் கணக்கில் ஒரே ஒரு வரி!

கவனித்தீர்களா? ரொக்க ஏட்டின் இடப்பக்கத்திலிருந்து பேரேட்டுக்குப் போகும் மற்றதெல்லாம் வலப்பக்கம் மாறுகிறது. தள்ளுபடி மொத்தம் மட்டும் பக்கம் மாறாமல் போகிறது. "தள்ளுபடின்னா அதே பக்கம்" என்று மந்திரம் போல ஒப்பிக்க வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காத்திருக்கும் அந்த 200ஐக் காட்டிவிட்டால் மந்திரமே வேண்டாம்.

மந்திரம் மறந்து 300ஐ வரவுப் பக்கம் எழுதிவிட்டால் இருப்பாய்வில் ரூ.600 உதைக்கும்: பற்றில் 300 குறைவு, வரவில் 300 அதிகம். வேடிக்கை என்னவென்றால், வலப்பக்கத்து 600ஐப் 'பெற்ற தள்ளுபடி'க்கு எடுத்து எழுத மறந்தாலும் அதே ரூ.600தான் உதைக்கும். எந்தப் பக்கம் கூடுதல் என்று பாருங்கள். வரவு கூடினால் 300 பக்கம் மாறியிருக்கலாம். பற்று கூடினால் 600 விட்டுப்போயிருக்கலாம்.

விலைப்பட்டியலிலேயே கழித்துவிடும் வியாபாரத் தள்ளுபடிக்கு இந்த ஏட்டில் இடமில்லை. அது பட்டியல் போடும்போதே மறைந்துவிடுகிறது.

இன்னொரு தப்பு ஆளையே சங்கடப்படுத்தும். நான் கணக்கு எழுதப் பழகிய கடையில் ஒரு வாடிக்கையாளர் கணக்கில் ரொக்கத்தை மட்டும் ஏற்றிவிட்டுத் தள்ளுபடியை விட்டுவிட்டேன். இருப்பாய்வில் பற்று ரூ.200 கூடுதலாக நின்றது. நான் தேடியதோ வேறு ஏடுகளில். அதற்குள் முதலாளி பாக்கிப் பட்டியலைப் பார்த்து அவருக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்பிவிட்டார். மறுநாள் அவர் ரசீதோடு கடைக்கே வந்து, "தம்பி, இந்த இருநூறை நீங்கதானே வேண்டாம்னீங்க?" என்றார்.