மாத்திரை ஏன் பாதிதான் வேலை செய்தது?

"வயது 43. உட்கார்ந்த வேலை. இரண்டு வருடமாக விறைப்பு முன்போல இல்லை. மெடிக்கலில் கேட்டு 50 மில்லிகிராம் மாத்திரை வாங்கிப் போட்டேன். முதலில் நன்றாகக் கேட்டது, இப்போது பாதிதான் கேட்கிறது. சுகர் இல்லை, பார்டர்தான் என்கிறார்கள். 100 போடலாமா?" பெயர் வேண்டாம் என்ற குறிப்போடு திருப்பூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து இணைத்திருந்தார். அவர் கேள்விக்கான பதிலில் பாதி அந்த ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது.

வெறும் வயிற்றில் சர்க்கரை 112. டிரைகிளிசரைடு 228. எச்டிஎல் கொழுப்பு 34. ரத்த அழுத்தம் 134/86. தனித்தனியாகப் பார்த்தால் எதற்கும் யாரும் பதறமாட்டார்கள். சேர்த்துப் பார்த்தால்தான் கதை மாறும். சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், ஆண்களுக்கு எச்டிஎல் 40-க்குக் கீழ், அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல். இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம். இவருக்கு ரத்தப் பரிசோதனையிலும் அழுத்தத்திலும் மட்டுமே நான்கு தேறிவிட்டன. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் இந்தப் பட்டியலிலேயே இல்லை. அதனால்தான் எல்டிஎல் 118-ஐப் பார்த்துவிட்டு "கொலஸ்ட்ரால் நார்மல்" என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்.

ஐந்தாவதற்கு, "பேண்ட் சைஸ் 36-தான், பத்து வருடமாக மாறவே இல்லை" என்கிறார். நம் ஊரில் தொப்பை போட்டவர்களின் பேண்ட் சைஸ் மாறாது, பேண்ட்தான் தொப்பைக்குக் கீழே இறங்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் டேப் வைக்கச் சொன்னேன். 98 வந்தது.

குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, தோலுக்கடியில் சேரும் கொழுப்பைப் போலச் சும்மா கிடப்பதில்லை. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் அதை டிரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்தில் விடுகிறது, எச்டிஎல் குறைகிறது, இன்சுலின் சொல்வதைத் திசுக்கள் சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரந்து சமாளிக்கப் பார்க்கிறது. சர்க்கரை பல வருடம் பார்டரிலேயே நிற்பது இந்தச் சமாளிப்பால்தான்.

இனி விறைப்புக்கு வருவோம். ஆணுறுப்புக்குள் இருக்கும் பஞ்சு போன்ற திசுவின் தசைகள் சாதாரண நேரத்தில் இறுகியிருக்கும். கிளர்ச்சியின்போது நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. தசை இளகி ரத்தம் உள்ளே பாயத் தொடங்கியதும், அந்தப் பாய்ச்சலின் உரசலை உணரும் ரத்தக்குழாயின் உள்படலம் இன்னும் அதிக நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரக்கிறது. தொடங்கி வைப்பது நரம்பு, நிலைக்க வைப்பது உள்படலம். "ஆரம்பிக்கிறது, ஆனால் நிற்கவில்லை" என்று பலர் சொல்வதை இதோடு பொருத்திப் பாருங்கள். இந்த வாயுவைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்கு மூன்று அமெரிக்கர்கள் 1998-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். நம் வாசகர் போட்ட சில்டெனாஃபில் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் அதே வருடம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிதான் வருகிறது. இன்சுலின் சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்புவதோடு நிற்பதில்லை. உள்படலத்திடம் "நைட்ரிக் ஆக்ஸைடு சுர" என்றும் சொல்கிறது. கூடவே, வேறொரு வழியில், குழாயைச் சுருக்கும் எண்டோதெலினையும் சுரக்கச் சொல்கிறது. ஆரோக்கியமான உடலில் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும். தொப்பைக்காரரின் உடலில் இன்சுலினுக்குச் செவி சாய்க்காமல் போவது முதல் வழி மட்டுமே. இரண்டாவது வழி நன்றாகத் திறந்திருக்கிறது. கணையமோ இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போகிறது. விளைவு, விரிக்கும் ஆணை எடுபடுவதில்லை, சுருக்கும் ஆணை இரட்டிப்பாகிறது.

இதைவிட விசித்திரமானது ஒன்று உண்டு. நைட்ரிக் ஆக்ஸைடைத் தயாரிக்கும் நொதி வேலை செய்ய ஒரு சிறிய துணை மூலக்கூறு பக்கத்தில் இருக்க வேண்டும். அதிகச் சர்க்கரையும் கொழுப்பு அமிலங்களும் உண்டாக்கும் ஆக்சிஜனேற்றத்தில் அந்தத் துணை கெட்டுப்போகிறது. துணை இல்லாத நொதி வேலையை நிறுத்திவிட்டால்கூடப் பரவாயில்லை. அது சூப்பராக்சைடு என்ற வேறொரு பொருளைத் தயாரிக்கத் தொடங்குகிறது. சூப்பராக்சைடோ நைட்ரிக் ஆக்ஸைடைக் கண்ட மாத்திரத்தில் அழிப்பது. ஆக, நைட்ரிக் ஆக்ஸைடு தர வேண்டிய நொதியே அதை அழிக்கும் பொருளைத் தருகிறது. அப்படிப் பிறக்கும் கழிவு மிச்சமிருக்கும் துணை மூலக்கூறுகளையும் கெடுக்கிறது. ஒருமுறை சுழல ஆரம்பித்தால் தானாகவே வேகம் பிடிக்கும் வட்டம் இது.

மாத்திரை இதில் எங்கே வருகிறது? நைட்ரிக் ஆக்ஸைடு தசைக்குள் போனதும் சிஜிஎம்பி என்ற தூதுப்பொருள் உருவாகிறது, தசையை இளக்குவது அதுதான். அதைச் சிதைக்க ஒரு நொதி உண்டு. சில்டெனாஃபில் அந்த நொதியைத் தடுக்கும். மாத்திரை சிஜிஎம்பியை உண்டாக்குவதில்லை, உண்டானதைக் காப்பாற்றுகிறது. ஏரிக்கு வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடக்கும்போது மதகை எவ்வளவு இறுக்கி அடைத்து என்ன? நம் வாசகருக்கு முதலில் கேட்டது வரத்து கொஞ்சம் இருந்ததால். இப்போது அது குறைந்திருக்கலாம். (இன்னொரு சின்னக் காரணமும் இருக்கலாம்: பிரியாணி சாப்பிட்ட கையோடு போட்டால் மாத்திரை ரத்தத்தில் உச்சம் தொட ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதமாகும்.)

தொப்பைக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் வேலையையும் செய்கிறது; ஆசையே குறைந்தவர்களுக்கு அதையும் பரிசோதிக்க வேண்டும்.

இவ்வளவு வேதியியல் நடந்துகொண்டிருக்க, நம் ஊரில் குற்றவாளி யார்? இளம்வயதுச் சுயஇன்பம்! மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் "பரம்பரை வைத்தியர்கள்" அந்தப் பயத்தில்தான் பிழைக்கிறார்கள். மூலிகை என்று விற்கப்படும் பொருட்களில் சில்டெனாஃபிலையே ரகசியமாகக் கலந்திருப்பதை ஆய்வுக்கூடங்கள் பல நாடுகளில் பலமுறை பிடித்திருக்கின்றன.

வட்டத்தைத் திருப்பிச் சுற்ற முடியுமா? இத்தாலியின் நேப்பிள்ஸில் செய்து 2004-இல் வெளியான சோதனை ஒன்று உண்டு. உடல் பருமனும் விறைப்புக் குறைபாடும் உள்ள 110 ஆண்கள். பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றி விரிவான தொடர் வழிகாட்டல், மீதிப் பேருக்குப் பொதுவான அறிவுரை. இரண்டு வருடம் கழித்து முதல் குழுவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு விறைப்பு இயல்புக்குத் திரும்பியது. மற்றதில் மூன்றே பேருக்கு. மாத்திரை ஆராய்ச்சியில் பணம் கொட்டுகிறது. நடைப்பயிற்சிக்குக் காப்புரிமை கிடையாது என்பதால் இப்படிப்பட்ட சோதனைகளுக்குப் பணம் போட ஆளில்லை. இதற்கெல்லாம் அரசுதான் பணம் தர வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. மூன்றில் இரண்டு பேருக்கு இயல்பு முழுதாகத் திரும்பவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. நரம்பு கெட்டு, தசை நாராகிவிட்டால் எடை குறைத்து மட்டும் மீட்க முடியாது.

காலையில் எழும்போது விறைப்பு இருந்து, மனைவியோடு மட்டும் தடுமாறினால் மனக்காரணம் அதிகம். நம் வாசகருக்குக் காலையிலும் இல்லை, இறக்கமும் படிப்படியானது. இது குழாய்க் கோளாறின் பக்கமே சாய்கிறது. மற்றபடி புகை, சில பிரஷர் மாத்திரைகள், மனச்சோர்வு எல்லாமே காரணமாகலாம்.

சரி, 100 போடலாமா? சொந்தமாகக் கூட்டாதீர்கள். ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர், இதயத் தமனிக்கு 3 முதல் 4. ஒரே நோய் சிறிய குழாயில் முதலில் தெரிகிறது. இதய வலி பெரும்பாலும் சில வருடம் கழித்துத்தான் வரும். அதனால் மருத்துவரிடம் விறைப்புப் பிரச்சினையை வெளிப்படையாகச் சொல்லி, இதயப் பரிசோதனையும் கேளுங்கள். அளவை அவர் முடிவு செய்யட்டும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து தரப்பட்டால், சில்டெனாஃபில் போடுவதை அவரிடம் மறைக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும்.