ரெசின் எடுத்துக்கொள்ளாத உப்பு எங்கே போகிறது?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்தில் புதிதாகக் கட்டும் வீடுகளில் மொட்டைமாடித் தொட்டிக்குப் பக்கத்தில் இப்போது கடின நீரை மென்னீராக்கும் ஒரு சாஃப்ட்னரும் நிற்கிறது. போர் தண்ணீரால் குழாயில் வெள்ளை படிகிறது, கீசர் கம்பி உரித்துக்கொண்டு வருகிறது, சோப்பு நுரைப்பதில்லை. இதற்கெல்லாம் சாஃப்ட்னர் நல்ல தீர்வுதான். ஆனால் சில நாளுக்கு ஒருமுறை அது தன்னையே உப்பால் கழுவிக்கொள்ள வேண்டும். எவ்வளவு உப்பில் கழுவுகிறது என்பதை வாங்கிய அன்று பொருத்துபவர் ஏதோ ஓர் எண்ணில் வைத்துவிட்டுப் போவார், அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. அந்த எண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சிலிண்டருக்குள் இருப்பது ரெசின் மணிகள். கடுகைவிடச் சிறியவை. ஒவ்வொரு மணியும் சோடியத்தைப் பிடித்து வைத்திருக்கும். போர் தண்ணீர் அதன் வழியாக இறங்கும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மணி பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். இரட்டை மின்னேற்றம் உள்ள கால்சியத்தின் மீது மணிக்குப் பிடிப்பு அதிகம் என்பதால் இது நடக்கிறது. நீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு இதனால் குறையாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரத்தில் தண்ணீர் வாயில் வைத்தாலே கரித்தால் அதற்கு சாஃப்ட்னர் மருந்தல்ல.

மணிகள் கால்சியத்தால் நிறைந்ததும் பத்து சதவீத அளவுக்கு அடர்ந்த உப்புக்கரைசலை உள்ளே விட வேண்டும். அந்த அடர்த்தியில் கால்சியத்தின் மீதுள்ள பிடிப்பு தளர்ந்து சோடியம் மறுபடி உட்கார்ந்துவிடும். ஆனால் போட்ட உப்பெல்லாம் இந்த வேலையைச் செய்வதில்லை. முதலில் போகும் உப்பு எளிதாகக் கிளம்பும் கால்சியத்தைத் தள்ளிவிடும். மிச்சமிருப்பதைக் கிளப்ப மேலும் மேலும் உப்பு தேவை, அதில் பெரும்பகுதி சும்மாவே வெளியேறும்.

கணக்காகப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள வீடு. கழிப்பறை, தோட்டம் நீங்கலாக நாளைக்கு 500 லிட்டர். போர் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 450 மில்லிகிராம். ஆக நாளைக்கு 225 கிராம் கடினத்தன்மையை நீக்க வேண்டும். சிலிண்டரில் 25 லிட்டர் ரெசின் இருக்கிறது. ஒரு தடவைக்கு 6 கிலோ உப்பு போட்டால் ரெசின் ஏறத்தாழ 1,700 கிராம் தாங்கும், அதாவது ஏழரை நாள். இரண்டரை கிலோ போட்டால் 1,150 கிராம் தாங்கும், அதாவது ஐந்து நாள். உப்பைப் பாதிக்கும் கீழே குறைத்தும் தாங்கும் அளவு மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது! மாதக் கணக்கில் முதல் முறைக்கு 24 கிலோ, இரண்டாவதுக்கு 15 கிலோ. முதல் முறையில் ரெசின் எடுத்துக்கொள்ளாமல் வெறும் உப்பாகவே வடிகாலுக்குப் போவது சுமார் 16 கிலோ, இரண்டாவதில் 7 கிலோ. அடிக்கடி கழுவுவதால் கொஞ்சம் தண்ணீர் கூடுதலாகப் போகும், அது உண்மை. டெல்டா மண்ணுக்கு அந்தத் தண்ணீரைவிட உப்புதான் பெரிய தொல்லை.

இந்த அளவை எங்கே மாற்றுவது? உப்புத் தொட்டியில் எத்தனை மூட்டை கொட்டினோம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொட்டியில் திரும்ப நிரம்பும் தண்ணீர்தான் அளவு. ஒரு லிட்டர் தண்ணீர் 360 கிராம் உப்புக்கு மேல் கரைக்காது. இரண்டரை கிலோ வேண்டுமென்றால் 7 லிட்டர், 6 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 17 லிட்டர். தானியங்கி வால்வில் நிரப்பும் நேரத்தைக் குறைத்தால் போதும். கையால் திருப்பும் வால்வு உள்ளவர்கள் உப்பை எடைபோட்டுக் கரைத்தால் வேலை முடிந்தது. கரைய இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

உப்பு எது? வேதாரண்யம் கல்லுப்பு பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம், பார்த்து வாங்க வேண்டும். உப்பளத்தில் உப்பு படிந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் இருக்கிறது. புதிதாக வாரிய ஈர உப்பில் அது ஒட்டிக்கொண்டே வரும். எதை நீக்க ரெசினைக் கழுவுகிறோமோ அதையே கொஞ்சம் திரும்பக் கொடுப்பது போலாகிவிடும். அம்பாரமாகக் குவித்துப் பல மாதம் நீர் வடிந்த, வெளுத்த, காய்ந்த கல்லுப்பு மேல். ஒரு கைப்பிடியைக் கண்ணாடித் தம்ளரில் கரைத்து இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். அடியில் சேறு படிந்தால் அதே சேறு உங்கள் தொட்டியிலும் தங்கும், கரைசலை இழுக்கும் இன்ஜெக்டரின் சின்ன ஓட்டையையும் அடைக்கும். சமையல் தூள் உப்பில் அயோடின் பிரச்சினையே இல்லை. அது சேறாக இறுகிவிடுவதுதான் பிரச்சினை. மாத்திரை உப்பு சுத்தமானது, விலைதான் கூடுதல். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் எந்த உப்பும் மேலே பாலம் போல இறுகி அடியில் வெற்றிடம் விடும், ஒரு கட்டையால் குத்திப் பார்த்துவிடுங்கள்.

கழுவும் சுற்று இப்படிப் போகும். முதல் பத்து நிமிடம் தண்ணீர் கீழிருந்து மேலே பாய்ந்து ரெசினைக் கிளறி அழுக்கை வெளியேற்றும், சுமார் 90 லிட்டர். அடுத்து ஒரு மணி நேரம் கரைசலும் அதைத் தொடரும் மெதுவான அலசலும், 70 லிட்டர். கடைசியில் வேகமான அலசல், 50 லிட்டர். இதற்கிடையில் குழாயில் வருவது கடின நீர்தான், அதனால்தான் விடியற்காலை இரண்டு மணிக்கு வைக்கிறார்கள். கரண்ட் போய்வந்து கடிகாரம் தள்ளிப்போனால் காலைக் குளியல் நேரத்தில் கழுவத் தொடங்கிவிடும். நாளை எண்ணாமல் லிட்டரை எண்ணும் வால்வு இருந்தால் நல்லது. மேலே சொன்ன வீட்டுக்கு 2,300 லிட்டரில் வைக்கலாம். ஆழமில்லாத போரில் கோடையிலும், மேட்டூர் திறந்து வாய்க்காலில் நீர் ஓடும் காலத்திலும் கடினத்தன்மை வேறுபடலாம், இரண்டு முறையும் சோதித்து எண்ணைத் திருத்துங்கள்.

வடிகால் குழாயின் நுனியில் ஒரு கோப்பையும், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ் பேனாவும் வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரியும். முதலில் போர் தண்ணீரின் எண்ணே வரும். கரைசல் வந்துசேர்ந்ததும் பேனாவின் அளவையே தாண்டிவிடும். கடைசி அலசலில் போர் தண்ணீரின் எண்ணுக்கே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அலசல் போதவில்லை. எண் ஏறவே இல்லை, உப்புத் தொட்டியில் தண்ணீரும் இறங்கவில்லை என்றால் இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது.

ஆக முதல் 90 லிட்டரும் கடைசி அலசலின் பின்பாதியும் சாதாரண போர் தண்ணீர்தான், மரத்துக்கு விடலாம். நடுவில் வரும் 70 லிட்டரையும் வேக அலசலின் முன்பாதியையும் விடக்கூடாது. அதில் கால்சியம் குளோரைடும் பயன்படாத உப்பும் இருக்கின்றன. நாம் போட்ட உப்பின் குளோரைடு முழுவதும் அதில்தான் போகிறது. இரண்டரை கிலோ உப்பென்றால் ஒன்றரை கிலோ குளோரைடு. வாழை அதைத் தாங்காது. தென்னை ஓரளவு தாங்கும், ஆனால் நம் களிமண்ணில் சோடியம் சேரச் சேர மண் இறுகி நீர் உள்ளே இறங்காது. போருக்குப் பக்கத்து உறிஞ்சுகுழியில் விட்டால் அதே குளோரைடு நம் தண்ணீருக்கே திரும்பும், வாய்க்காலில் விட்டால் அடுத்தவர் வயலுக்கு. பாதாளச் சாக்கடை இருக்கும் தெருவில் அதில் விடுவதுதான் இருப்பதில் குறைந்த கேடு. சுத்திகரிப்பு நிலையத்திலும் இந்த உப்பு நீங்காது. அதனால் இரண்டரை கிலோவுக்கே வாருங்கள். இன்று போய் நிரப்பும் நேரத்தைப் பாருங்கள், உங்கள் சிலிண்டரிலும் 25 லிட்டர் ரெசின் இருந்து 7 லிட்டருக்கு மேல் நிரப்பினால் குறையுங்கள்.