நாள்வட்டி: ஒரு சொல்லும் அதற்குள் மறைந்திருக்கும் ஆண்டுக் கணக்கும்

எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் காய்கறி கொண்டுவரும் அக்காவிடம் ஒருநாள் கேட்டேன். "முதலுக்கு என்னக்கா பண்றீங்க?" கத்திரிக்காயை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "காலையில தொள்ளாயிரம் வாங்குவேன், சாயங்காலம் ஆயிரமா குடுத்துடுவேன். டெய்லி வட்டி தம்பி. நூத்துக்குப் பத்துதான்."

இந்த "நூத்துக்குப் பத்துதான்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நம் ஊரில் வட்டியை எப்போதும் நூற்றுக்கு இத்தனை என்றே சொல்கிறோம். "ரெண்டு வட்டி" என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய். "பத்து வட்டி" என்றால் மாதத்துக்குப் பத்து. மாதம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கேட்பவரே புரிந்துகொள்வார். அந்தப் பழக்கத்தில் நாள்வட்டிக்காரரின் பத்தும் மாதவட்டிக்காரரின் பத்தும் காதில் ஒன்றுபோலவே விழுகின்றன.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கடைத்தெருவில் இதற்கு டெய்லி வட்டி, ரன் வட்டி என்று பல பெயர்கள் வழங்குகின்றன. தமிழில் சொல்வதானால் நாள்வட்டி. காலையில் வாங்கிய முதலையும் வட்டியையும் மாலையில் சேர்த்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி வாங்குவது. இதைத் தண்டலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தண்டலில் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு, மீதியைக் கையில் தருவார்கள். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைத் தந்தால், நாளுக்கு நூறு என்று நூறு நாள் கட்ட வேண்டும். அங்கே கடன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. நாள்வட்டியில் கரைவதே இல்லை, தினமும் புதிதாகப் பிறக்கிறது. மீட்டர் வட்டி இன்னொரு வகை. சொன்ன கெடு தவறினால் ஆட்டோ மீட்டர் போல வட்டி ஏறிக்கொண்டே போகும். தமிழ்நாட்டில் 2003இல் வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லி வரையறுக்கிறது. தெருப்பேச்சுச் சொற்கள் அப்படியே சட்டப் புத்தகத்துக்குள் ஏறியிருக்கின்றன.

தண்டல் நல்ல தமிழ்ச் சொல். தண்டுதல் என்றால் வரியோ கடனோ வசூலித்தல். மாவட்ட ஆட்சியரை 'மாவட்டத் தண்டலர்' என்று சிலர் எழுதுவது இந்தப் பொருளில்தான். கந்துவட்டியின் 'கந்து' எங்கிருந்து வந்தது? பழந்தமிழில் கந்து என்பது யானையைக் கட்டும் தறி. அந்தப் படம் கடனாளியின் நிலைக்குப் பொருந்துவதால் அதுவே வேர் என்று சொல்லிவிட ஆசை வரும். ஆனால் தெலுங்கில் 'கந்து' என்றால் தவணை. தவணைப் பணம் பேசும் இடத்தில் வழங்கும் சொல்லுக்கு இதுவே நெருங்கிய உறவு என்று எனக்குப் படுகிறது.

'வட்டி'யைப் பொதுவாக 'விருத்தி' என்ற வடசொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். விருத்தி என்றால் வளர்ச்சி. இதே பொருளில் தமிழுக்குச் சொந்தமாக ஒரு சொல் இருந்தது: பொலிசை. பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல். களத்தில் நெல் அளக்கும்போது "பொலி, பொலி" என்பார்களே, அதே பொலி. சோழர் கல்வெட்டுகளில் வட்டிக்கு இந்தச் சொல்தான் வரும். நாம் விட்டுவிட்டோம். மலையாளத்தில் 'பலிச' என்று இன்றும் வங்கிப் படிவம் வரை வழங்குகிறது.

அந்தக் கல்வெட்டுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் பணத்தை ஊர்ச் சபைகள் கடனாக வாங்கியபோது, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம். எவ்வளவு என்பதோடு எத்தனை காலத்துக்கு என்பதும் கூடவே எழுதப்பட்டிருக்கிறது. வாங்கியது நிலமுள்ள சபை, தள்ளுவண்டிக்காரர் அல்ல என்பதும் உண்மைதான். கடன் வாங்குபவரின் பலத்தைப் பொறுத்து வட்டி மாறும். ஆனாலும் காலத்தைச் சொல்லிவிட்டதால்தான் ஆயிரம் ஆண்டு கழித்தும் நம்மால் அதை ஒப்பிட முடிகிறது.

சரி, அக்காவின் கணக்குக்கு வருவோம். ஆயிரத்துக்கு நூறு என்பதால் அவர் பத்து சதவீதம் என்கிறார். கையில் வந்ததோ 900தான். 900க்கு 100 என்றால் 11.11 சதவீதம், அதுவும் ஒரு பகலுக்கு. விடியற்காலையில் வாங்கி இரவு எட்டுக்குள் கொடுத்துவிடுவதால், முழு நாள்கூட அந்தப் பணம் அவரிடம் இருப்பதில்லை.

இதை ஆண்டுக்கு எப்படி மாற்றுவது? கூட்டுவட்டி போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. 900 ரூபாய் நாளுக்கு 11.11 சதவீதம் என்று 365 நாள் குட்டி போட்டால், உலகத்துப் பணம் அத்தனையையும் தாண்டிய தொகை வரும். கேட்பவர் வாயைப் பிளப்பார். ஆனால் இங்கே அது தவறான கணக்கு. அக்கா வட்டியைச் சேரவிடுவதில்லை, அன்றன்றைக்கே கட்டிவிடுகிறார். வட்டிக்கு வட்டி என்ற பேச்சே எழவில்லை. அவருக்குப் பொருந்துவது தனிவட்டிதான். கையை விட்டுப் போன ரூபாயைக் கூட்டினால் போதும். ஆண்டுக்கு 300 நாள் வியாபாரம் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 100 வீதம் 30,000 ரூபாய். 900 ரூபாயைப் பயன்படுத்த 30,000. முதலைப் போல் 33 மடங்கு, சதவீதத்தில் சொன்னால் 3,333.

பக்கத்து வீட்டில் மாதத்துக்குப் பத்து வட்டிக்கு அதே 900ஐ வாங்கியிருந்தால், ஆண்டு முழுக்கக் கட்டுவது 1,080 ரூபாய். அதுவே கொடுமையான வட்டிதான். இருந்தும் நாள்வட்டியில் அதை 11 நாளில் கட்டி முடித்துவிடுகிறார். சோழர் காலத்து வீதத்தில் 900க்கு ஓர் ஆண்டு வட்டி 112 ரூபாய் 50 காசு. அக்கா அதைக் கிட்டத்தட்ட ஒரே நாளில் கட்டுகிறார்.

இதைத் தெரிந்துகொண்டும் ஏன் வாங்குகிறார் என்று கேட்டால், அன்றைய நாளுக்குள் கணக்கு சரியாக வந்துவிடுகிறது என்பதுதான் பதில். அவர் சொன்னபடி 900 ரூபாய்க்கு எடுத்த காய் நல்ல நாளில் 1,300க்குப் போகும். 400 மிச்சம். அதில் 100 வட்டி, சரக்கு ஏற்றிவர 80. கையில் 220 நிற்கும். அந்த 900 கிடைக்காவிட்டால் 220ம் இல்லை. அடமானம் கேட்காமல், கையெழுத்து வாங்காமல், விடியற்காலையில் மார்க்கெட் வாசலிலேயே பணம் தருபவர் இவர் ஒருவர்தான். கொடுப்பவர் பக்கமும் அலைச்சல் உண்டு, திரும்பாத கடன் உண்டு. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் 33 மடங்குக்கு என்னால் நியாயம் காண முடியவில்லை.

இப்போது ஒரு கணக்கு. அக்கா அந்த 220இல் நாளுக்குப் பத்து ரூபாயைத் தனியாக எடுத்து வைக்கட்டும். 9 நாளில் 90 ரூபாய் சேரும். பத்தாம் நாள் 900க்குப் பதில் 810 வாங்கினால் போதும், மாலையில் கொடுப்பது 900. வட்டி 100இலிருந்து 90 ஆகிவிட்டது. மிஞ்சிய பத்தையும் சேர்த்து இனி நாளுக்கு 20 ஒதுக்கலாம். அடுத்த 90 ஐந்தே நாளில் வந்துவிடும். அப்புறம் நாளுக்கு 30, மூன்று நாள். இப்படியே போனால் கடைசிப் படிகள் ஒவ்வொன்றும் ஒரே நாளில் முடியும். கூட்டிப் பார்த்தால் முப்பதாம் நாள் 900 ரூபாயும் அவருடைய சொந்த முதல். கூட்டுவட்டி இங்கேதான் உண்மையில் வேலை செய்கிறது, அதுவும் அக்காவின் பக்கம் நின்று.

காகிதத்தில் இது சுலபம். சென்னையிலும் பிலிப்பைன்சிலும் பொருளாதார ஆய்வாளர்கள் சந்தை வியாபாரிகளின் இப்படிப்பட்ட கடனை மொத்தமாக அடைத்துவிட்டுக் கவனித்தார்கள். பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனுக்குத் திரும்பினார்கள். ஒரு மழை நாள், ஒரு காய்ச்சல், வாசலில் வந்து நிற்கும் ஓர் உறவினர், எது வந்தாலும் முதலில் கரைவது அந்த 900தான். (பிலிப்பைன்சில் இந்தக் கடனுக்கு 'ஃபைவ்-சிக்ஸ்' என்று பெயர். 5 வாங்கினால் 6 கொடுக்க வேண்டும். அங்கேயும் எத்தனை நாளுக்கு என்பது பெயரில் இல்லை.)

தெருவோர வியாபாரிகளுக்கென்று ஒன்றிய அரசு 2020இல் கொண்டுவந்த ஸ்வநிதி திட்டத்தில், அடமானம் இல்லாமல் முதல் கடனாக 10,000 ரூபாய் வரை கொடுத்தார்கள், ஓர் ஆண்டில் மாதத் தவணையாக அடைக்கும்படி. ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் மொத்த வட்டி 660 ரூபாய் அளவில் வரும். அக்கா 900க்கு ஒரே வாரத்தில் கட்டுவது 700. ஆனால் வங்கிப் பணமும் ராத்திரி வீட்டில்தான் தூங்கும், அதே கரைதல் அதற்கும் நேரும்.

'நாள்' என்ற சொல்லுக்கு விடியற்காலை என்றும் ஒரு பழைய பொருள் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் 'நாள்மோர்' விற்கிறாள். காலையில் கடைந்த மோரைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகப் போகும் அவளும் இந்த அக்காவின் இனம்தான். நெய்க்கு விலையாக அவள் பொன்னை வாங்கமாட்டாள், எருமையும் பசுவும் கன்றுமாக வாங்குவாள். நம் அக்காவும் இப்போது அப்படி ஒன்றைச் செய்து பார்க்கிறார். ஒதுக்கிய ரூபாயைப் பணமாக வைப்பதில்லை. கெட்டுப்போகாத வெங்காயமும் பூண்டும் அன்று மாலையே வாங்கி வண்டிக்கு அடியில் மூட்டையாகக் கட்டிவிடுகிறார். "காசுன்னா கேப்பாங்க தம்பி, வெங்காயத்தை யார் கேப்பாங்க?" போன வாரம் காலையில் அவர் வாங்கியது 630.