இரண்டாவது லேனில் நிற்கிற பிள்ளையிடம் "உனக்கு முன்னால் யாருமில்லை" என்று வாசிக்காதீர்கள்

இந்த சீசனில் மட்டும் இதே கதையோடு என்னிடம் வந்த நான்காவது பிள்ளை இவள். பதினைந்து வயது, 400 மீட்டர் ஓடுகிறாள். பயிற்சியில் 62 வினாடிக்கு வருகிறவள், மாவட்ட அளவிலான ஒரு போட்டியின் இறுதிச் சுற்றில் 66 ஓடிவிட்டு, "எனக்கு மனசு வீக் மேடம்" என்று வந்து உட்கார்ந்தாள். விளையாட்டு உளவியலாளராகச் சொல்கிறேன், அவள் மனதில் ஒரு கோளாறும் இல்லை. ஓடுவதற்கு முன் அவள் காதில் விழுந்த வாசகத்தில்தான் கோளாறு.

நடந்தது இதுதான். வார்ம்-அப் முடிந்ததும் கோச் எல்லாப் பிள்ளைகளையும் மரத்தடியில் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, போனில் இருந்த ஒரு கற்பனைப் பயிற்சியைப் பன்னிரண்டு நிமிடம் வாசித்திருக்கிறார். கடற்கரை, அலை, உடம்பு பஞ்சாகிறது. அப்புறம் துப்பாக்கிச் சத்தம். "நீ பறக்கிறாய், உனக்கு முன்னால் யாருமே இல்லை." உடனே மேடை, கழுத்தில் பதக்கம், அம்மாவின் கண்ணில் நீர்.

அவளுக்கு விழுந்தது இரண்டாவது லேன். 400 மீட்டரில் வெளிப்பக்க லேன்களுக்கு வளைவு நீளம் அதிகம் என்பதால் அவர்களை முன்னே தள்ளி நிறுத்துவார்கள். இரண்டாவது லேனிலிருந்து பார்த்தால் மூன்றாவது லேன்காரி ஏழரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக முன்னால், எட்டாவது லேன்காரி 46 மீட்டர் முன்னால். பிளாக்கை விட்டுக் கிளம்பித் தலை தூக்கியதும் அவள் கண்ணில் பட்டவை ஆறு முதுகுகள். இது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை, எத்தனையோ முறை ஓடியிருக்கிறாள். ஆனால் பத்து நிமிடம் முன்புதான் "யாருமே இல்லை" என்று மனதில் படம் ஓட்டியிருக்கிறாள். "எல்லாரும் போயிட்டாங்கன்னு தோணிடுச்சு மேடம்" என்றாள். விரட்டியிருக்கிறாள். அவள் அப்பா எடுத்த வீடியோவில் நேரம் பார்த்தேன். முதல் 200 மீட்டர் 28.5 வினாடி. தனியாக 200 மீட்டர் ஓடும்போதே அவளுடைய சிறந்த நேரம் 28தான். மீதி 200-க்கு 37.5 வினாடி ஆனது. கடைசி எண்பது மீட்டரில் முழங்கால் மேலே வரவே இல்லை.

கோச்மார்களே, பெற்றோர்களே, மனதில் பார்ப்பது என்றால் ஜெயிப்பதைப் பார்ப்பது என்று உங்களுக்கு யார் சொன்னது? பதக்கத்தைப் பார்ப்பது ஆசை. ஓட்டத்தைப் பார்ப்பதுதான் பயிற்சி. இரண்டும் ஒன்றல்ல. 1999-ல் ஃபாம், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டதாகத் தினமும் கற்பனை செய்தது, இன்னொரு குழு உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தது. படிப்பதைக் கற்பனை செய்தவர்கள்தான் கூடுதலாகப் படித்தார்கள், கூடுதல் மதிப்பெண்ணும் வாங்கினார்கள். பதக்கம் கழுத்தில் விழும் காட்சியில் அந்தப் பிள்ளை செய்ய வேண்டிய வேலை ஒன்றுகூட இல்லை. 250-வது மீட்டரில் தோள் இறுகும்போது என்ன செய்வது என்று அது சொல்லித்தராது. அதற்கு மேல், அம்மா அழுவதையும் காட்டிவிட்டால் ஜெயிக்காவிட்டால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. என் முன் உட்காரும் பிள்ளைகளின் வாயிலிருந்து இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீந்தும்போது கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து பார்வை மறைந்துவிட்டது. கை வீச்சை எண்ணிக்கொண்டே போய் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் மனதில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. இந்தக் கதையைச் சொல்கிற கோச்சே பிள்ளைகளுக்குக் கடற்கரையை வாசிப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடற்கரை தூங்கப் போகும் முன் சரி. வார்ம்-அப்பில் ஏற்றிய சூட்டைப் பன்னிரண்டு நிமிடம் படுக்க வைத்து இறக்கிவிட்டால் துப்பாக்கிச் சத்தத்துக்கு உடம்பு எப்படி எழும்? நிற்க வையுங்கள். ஸ்பைக்ஸ் காலில் இருக்கட்டும். கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், ட்ராக்கைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். ஓட்டத்துக்கு முன் பெயர் கூப்பிடும் அறைக்குப் போகும் முன் இரண்டு மூன்று நிமிடம் போதும்.

பிறகு அவளோடு உட்கார்ந்து எழுதியதிலிருந்து கொஞ்சம் தருகிறேன். அவள் பேசுகிற தமிழிலேயே எழுதினோம். மேடைப் பேச்சுத் தமிழில் வாசித்தால் பிள்ளை வேறு யாரையோ பற்றிக் கேட்பது போலத்தான் கேட்கும்.

"பிளாக்ல கால வைக்கிற. விரலுக்கடியில ட்ராக் சூடா, சொரசொரன்னு இருக்கு. முன்னால ஆறு முதுகு தெரியுது. ரெண்டாவது லேன்ல அப்படித்தான் தெரியும். செட். இடுப்பு மேல. சத்தம். தள்ளு, தள்ளு. வளைவு முடியுது, இப்ப தோள இறக்கு, நீளமா ஓடு. இருநூறு தாண்டுற. ரெண்டாவது வளைவு, கை வீச்சக் கூட்டு. நேர்க்கோட்டுக்கு வந்துட்ட. கால் கனக்குது. எல்லாருக்கும் கனக்கும். தாடைய விடு, கை, கை, கை, கோட்டத் தாண்டி ஓடு."

இதில் "ஃபால்ஸ் ஸ்டார்ட் பண்ணிடாதே", "இறுகிடாதே" எதுவும் இல்லை, கவனித்தீர்களா? செய்யாதே என்று சொன்னால் பிள்ளை முதலில் அதைத்தான் பார்க்கும். செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள்.

மனதில் ஓட்டுகிறதா, சும்மா நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள ஸ்டாப்வாட்ச் போதும். வாசிக்காமல், பிள்ளை தானாகவே ஓட்டிப் பார்க்கும் நாளில், சத்தம் கேட்கும்போது ஒரு விரலும் கோட்டைத் தாண்டும்போது இன்னொரு விரலும் தூக்கச் சொல்லுங்கள். 62 வினாடி ஓடுகிறவளுக்கு 60-லிருந்து 65-க்குள் வந்தால் நல்லது. இவள் முதல் நாள் 31 வினாடியில் விரல் தூக்கினாள். எங்கே விட்டாய் என்று கேட்டால், இரண்டாவது வளைவே படத்தில் இல்லை. வலிக்கிற இடத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறாள். மூன்று வாரம், வாரத்துக்கு நான்கு நாள், ட்ராக்கிலேயே நின்று செய்த பிறகுதான் 61-க்கு வந்தது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், போட்டி நாளன்று புதிதாக எதையும் வாசிக்காதீர்கள். அன்றைக்குப் பழகியதை ஞாபகப்படுத்த மட்டும்தான் நேரம் இருக்கும்.

எட்டுப் பிள்ளைகள் இருந்தால் எட்டு லேன், எட்டுப் படம். மூச்சையும் பிளாக்கில் கால் வைப்பதையும் பொதுவாக வாசித்துவிட்டு, அதற்குமேல் நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவரவர் ஓட்டத்தை அவரவர் ஓட்டட்டும். சில பிள்ளைகளுக்கு மனதில் படம் வரவே வராது. அவர்களைத் திட்டாதீர்கள். கையை வீசிப் பார்க்கச் சொல்லுங்கள், காலடித் தாளத்தை வாய்க்குள் சொல்லச் சொல்லுங்கள், அதுவும் வேலை செய்யும்.

போன வாரம் அவளுக்கு இன்னொரு போட்டி. லேன் பட்டியல் ஒட்டியதும் அப்பா போனிலிருந்து கூப்பிட்டாள். "மேடம், முதல் லேன் விழுந்திருக்கு. ஏழு முதுகுன்னு மாத்திக்கிறேன்."