வங்கித் தேர்வு விண்ணப்பப் படம்: முடி கெடாமல் பின்னணியை வெள்ளையாக்குவது எப்படி?

ஐபிபிஎஸ் நடத்தும் வங்கித் தேர்வுகளின் அறிவிப்பில் படத்துக்கென்று தனி விதிகள் உண்டு. அளவு 200 × 230 பிக்சல் இருந்தால் நல்லது. கோப்பு 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும். பின்னணி வெளிர் நிறமாக, முடிந்தால் வெள்ளையாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டுத்தான் பலர் ஏதோ ஒரு செயலியில் தலையைச் சுற்றி வெட்டி, முடி மழித்த மாதிரி ஒரு படத்தை ஏற்றுகிறார்கள். கிரீம் நிறச் சுவர் முன்னால் நிழல் விழாமல் எடுத்த படமே இந்த விதிக்குப் போதும்.

சுவர் மங்கலாகவோ பழுப்பாகவோ தெரிந்தால்தான் வேலை. அப்போதும் வெட்ட வேண்டாம், சுவரை வெளுக்க வைத்தால் போதும். முடி நுனியில் ஒவ்வொரு பிக்சலிலும் முடியின் நிறமும் சுவரின் நிறமும் கலந்திருக்கும். வெட்டும்போது அந்தப் பிக்சலை வைத்துக்கொண்டால் பழுப்பு விளிம்பு தெரியும், எடுத்துவிட்டால் முடி போய்விடும். சுவர் மட்டும் வெள்ளையானால் அந்தக் கலப்பும் தானாக வெளுத்துவிடும், முடி இழை அப்படியே நிற்கும்.

ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து `Layer > Duplicate Layer` கொடுங்கள். மேலே வரும் நகல் லேயரின் கண் குறியை அணைத்துவிட்டு, கீழ் லேயரைத் தேர்ந்தெடுத்து `Colors > Levels` போய், வெள்ளைப் புள்ளி எடுக்கும் டிராப்பரால் தலைக்கு அருகே சுவர் சற்று இருண்டிருக்கும் இடத்தில் கிளிக் செய்யுங்கள். வெளிச்சமான இடத்தில் கிளிக் செய்தால் மற்ற இடமெல்லாம் சாம்பலாக மிஞ்சும். மூலைகளில் அப்படியும் கறை நின்றால் வெள்ளை பிரஷால் பூசிவிடலாம். அங்கே முடி இல்லை, பயமில்லை.

இதில் முகமும் சேர்ந்து வெளிறும். அதற்குத்தான் மேல் லேயர். அதைத் தேர்ந்தெடுத்து, கண் குறியை மறுபடி போட்டு, `Layer > Mask > Add Layer Mask` வழியாக அதை முழுதும் மறைக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, முகம், கழுத்து, சட்டை மீது மென்மையான வெள்ளை பிரஷால் பூசினால் பழைய நிறம் திரும்பும். தலைமுடியில் உச்சிப் பகுதிக்கு உள்ளேயே நிறுத்திவிடுங்கள், நுனிக்குப் போகாதீர்கள். கன்னம், காது, தோள் ஓரங்களில் பிரஷைச் சிறிதாக்கி ஓரம் வரை வரலாம்.

இந்த முறை தோற்கும் இடம் வெள்ளைச் சட்டை. சட்டை சுவரோடு கரைந்து தோள் காணாமல் போகும். கறுப்புச் சுவர், பச்சைச் சுவர் என்றாலும் இது உதவாது. அவற்றுக்கு வேறு சட்டையோடு வேறு சுவர் முன்னால் மறுபடி எடுப்பதே சீக்கிரம் முடியும் வேலை.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் எடுத்த பாஸ்போர்ட் படம் 3.5 × 4.5 செ.மீ. விகிதத்தில் இருக்கும். அதை அப்படியே 200 × 230 ஆக்கினால் முகம் சுமார் 12 சதவீதம் அகன்று உப்பித் தெரியும். 700 × 900 பிக்சல் படமென்றால், கீழே நெஞ்சுப் பக்கம் 95 பிக்சல் வெட்டி 700 × 805 ஆக்கிவிட்டுப் பிறகு சுருக்குங்கள். பின்னணி வேலை முழுவதும் பெரிய அளவில் முடிந்திருக்க வேண்டும், சுருக்குவது கடைசி.

சேமிக்கும்போது விநோதம் ஒன்று நடக்கும். சுத்த வெள்ளைப் பரப்பு ஜேபிஜியில் மிகக் குறைந்த இடமே எடுப்பதால், கோப்பு 20 கேபிக்குக் கீழே போய் நிராகரிக்கப்படலாம். தரத்தை 95க்கு மேல் உயர்த்துங்கள். தலையைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வரும் அழுக்கும் அதோடு மறையும், அது தரம் குறைந்த ஜேபிஜியின் வேலை. அப்படியும் 20ஐத் தொடாவிட்டால் அதே விகிதத்தில் 300 × 345 ஆக்கலாம்.

முகத்தில் கை வைக்காதீர்கள். ஐபிபிஎஸ் இப்போது விண்ணப்பத்தின்போதே நேரடியாகக் கேமராவில் படமும் எடுக்கச் சொல்கிறது. மெழுகு பூசிய முகத்துக்கும் அதற்கும் பொருந்தாது. அமெரிக்க விசா விண்ணப்பத்திலோ கணினியில் திருத்திய படமே ஏற்கப்படாது, பின்னணியை மாற்றியதும் அதில் அடங்கும். அங்கே சுவரைத்தான் தேட வேண்டும்.

போஸ்டருக்கு நிறப் பின்னணி வேண்டுமென்றால் வெட்டித்தான் ஆகவேண்டும். ஆளைச் சுற்றித் தேர்வு செய்த பகுதியை `Select > Shrink` கொண்டு 1 பிக்சல் சுருக்கி, `Select > Feather` 1 அல்லது 2 கொடுத்து மாஸ்க்காக மாற்றுங்கள். முடி ஓரத்தில் பழைய சுவர் நிறம் தெரிந்தால், குளோன் கருவியால் முடியின் நிறத்தை ஓரத்தைத் தாண்டி வெளியே வரை இழுத்துப் பூசுங்கள். மாஸ்க் மிச்சத்தை மறைத்துவிடும். கோப்பு பிஎன்ஜியாக இருக்கட்டும், ஜேபிஜி ஒளிபுகும் பின்னணியைத் தாங்காது. வாட்ஸப்பில் அச்சகத்துக்கு அனுப்பும்போது போட்டோவாக அல்ல, டாக்குமென்டாக அனுப்புங்கள்.