5201314: நாலு நம்பரா, காதலா?

மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் என் அக்கா ஒரு சனிக்கிழமை மாலை என்னை அழைத்து, "தம்பி, உன் மருமகன் நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறானோன்னு சந்தேகமா இருக்குடா" என்றார். மேசையில் கிடந்த பையனின் கைப்பேசியில் வெறும் எண்களாக வந்து விழுந்துகொண்டிருந்தனவாம். அவசரமாகப் படம் எடுத்து எனக்கும் அனுப்பிவிட்டார். அக்கா படித்தது தமிழ்ப்பள்ளி. என்னையும், பிறகு தன் மகனையும் சீனப்பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அதனால் வீட்டில் இந்த மாதிரிப் பஞ்சாயத்துகள் எல்லாம் என்னிடம்தான் வரும்.

படத்தில் இருந்தது இதுதான். பையன் தன் கணக்கு வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து நண்பனுக்கு அனுப்பியிருக்கிறான். அதன் கீழே நண்பனிடமிருந்து இரண்டு வரி, இவனிடமிருந்து ஒன்று, மறுபடி நண்பனிடமிருந்து இரண்டு:

```
666
5201314
748
23333333
88
```

லாட்டரி இல்லை, சூதாட்டம் இல்லை. இது மண்டரின் சீனம், எண்களில் எழுதியது. பாடத்தைப் பார்த்து எழுதக் கிடைத்ததும் நண்பன் சொல்கிறான்: "கில்லாடிடா நீ." அப்புறம், "ஆயுசு முழுக்க உன்னைக் காதலிப்பேன்." இவன் பதில், "போய்ச் சாவுடா." அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். கடைசியில் "பை பை."

அக்காவுக்கு நிம்மதி பாதிதான் வந்தது. "எண்ணு எப்படிடா காதலாகும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நடுவில் இருக்கும் 5201314-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு விதி. இதை ஐம்பத்திரண்டு லட்சம் என்று கூட்டி வாசிக்கக் கூடாது. தொலைபேசி எண்ணைச் சொல்வதுபோல ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். மண்டரினில் 5 என்பது 'வூ', 2 என்பது 'அர்', 0 என்பது 'லிங்'. சேர்த்துச் சொன்னால் 'வூ அர் லிங்'. காதலர்கள் சொல்ல நினைப்பது 'வோ ஐ நீ'. வோ என்றால் நான், ஐ என்றால் காதல், நீ என்றால்... நீதான்! தமிழுக்கும் மண்டரினுக்கும் உறவு ஏதும் இல்லை, இது தற்செயல். ஆனால் சீனப்பள்ளியில் முதல் நாள் இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட குஷி இன்னும் நினைவிருக்கிறது.

"வூ அர் லிங் எங்கே, வோ ஐ நீ எங்கே? கொஞ்சம்கூட ஒத்துவரலையே" என்றார் அக்கா. தமிழ்க் காதுக்கு ஒத்துவராது. காரணம், நாம் மெய்யையும் உயிரையும் மட்டும் கேட்கிறோம். மண்டரின் பேசுகிறவர் அவற்றோடு தொனியையும் கேட்கிறார். அந்த மொழியில் பெரும்பாலான அசைகளுக்கு நான்கு தொனிகளில் ஒன்று இருக்கும். முதலாவது உயரத்திலேயே சமமாக நிற்கும். இரண்டாவது, நாம் "அப்படியா?" என்று கேட்கும்போதுபோல ஏறும். மூன்றாவது தாழ்ந்து வளையும். நான்காவது, "சீ, போ" என்பதுபோல வெட்டி இறங்கும்.

இப்போது தொனியை மட்டும் ஒப்பிடுங்கள். வூவும் வோவும் இரண்டுமே மூன்றாம் தொனி. அர், ஐ இரண்டுமே நான்காம் தொனி. லிங் இரண்டாம் தொனி, நீ மூன்றாம் தொனி. இங்கே மட்டும்தான் பிசகு. ஆக, சொற்களை விட்டுவிட்டு வாயை மூடி முனகினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மெட்டு. மெட்டு கிடைத்துவிட்டால் சொல்லைக் காது தானாகப் போட்டுக்கொள்ளும்.

மெய்யும் உயிரும் ஒரேயடியாக விலகவில்லை. வூ, வோ இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. 'அர்' என்பதை பெய்ஜிங்காரர்கள் வாயை அகலத் திறந்து 'ஆர்' என்பதுபோலச் சொல்வார்கள். அது 'ஐ'க்குப் பக்கத்தில் வந்துவிடும். லிங் எப்படி நீ ஆகும்? சீனாவின் தெற்கிலும் தென்மேற்கிலும், சிச்சுவான், ஹுனான் போன்ற பகுதிகளில், பலரின் பேச்சில் 'ல'வும் 'ந'வும் ஒன்றாகக் கலந்துவிட்டன. நம்மில் பலர் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று சொல்லியும் யாருக்கும் குழப்பம் வராததுபோல, அவர்களும் இந்த மாற்றத்தைக் கேட்டுப் பழகியவர்கள். மிச்சம் இருக்கும் 'ங்' ஒலியைக் காது மன்னித்துவிடுகிறது.

அடுத்த பாதி, 1314. 'யீ ஸான் யீ ஸ்ஸ'. சொல்ல வருவது 'யீ ஷெங் யீ ஷ்ஷ', அதாவது ஒரு வாழ்வு, ஓர் உலகு. ஆயுள் முழுவதும் என்று பொருள். ஸான், ஷெங் இரண்டும் முதல் தொனி. ஸ்ஸ, ஷ்ஷ இரண்டும் நான்காம் தொனி. நாக்கை மடித்துச் சொல்லும் 'ஷ'வைத் தென்சீனர்களும் தைவான்காரர்களும் மலேசியச் சீனர்களும் பெரும்பாலும் வெறும் 'ஸ' ஆக்கிவிடுவார்கள். எங்கள் ஊரில் 1314 சற்று அதிகமாகவே பொருந்தும் என்று சொல்லலாம்.

சரி, இது ஏன் சீனத்தில் இவ்வளவு சுலபமாக நடக்கிறது? இரண்டு காரணங்கள். ஒன்று, பூஜ்ஜியத்திலிருந்து ஒன்பது வரை எல்லா எண்களுமே அங்கே ஒற்றை அசை. 'இரண்டு', 'நான்கு', 'ஒன்பது' என்று நீட்டி முழக்கும் தமிழில் இதைச் செய்து பாருங்கள், தெரியும். இன்னொன்று, மண்டரினில் மொத்த அசைகளே குறைவு. தொனியைக் கழித்துவிட்டால் ஏறத்தாழ 400, தொனியோடு எண்ணினால் 1,300 சொச்சம். இதற்குள்தான் மொழியின் எல்லாச் சொற்களும் அடங்க வேண்டும். எனவே ஒரே ஒலிக்குப் பல பொருள் என்பது அவர்களுக்கு அன்றாடம். இடம் பார்த்துப் பொருள் கொள்வதில் கைதேர்ந்தவர்கள்.

4 என்ற எண்ணை எடுத்துக்கொண்டாலே இது புரியும். 1314-இல் அது 'உலகு'. நண்பன் சொன்னதை ஆமோதிக்க 9494 என்று அனுப்புவார்கள், 'ஜியோ ஷ்ஷ, ஜியோ ஷ்ஷ', அதாவது 'அதேதான், அதேதான்'. அங்கே 4 வெறும் 'ஆம்'. என் மருமகன் அனுப்பிய 748-இல் அதே 4 'சாவு'. எங்கள் அடுக்குமாடிகளின் லிஃப்டில் நான்காம் மாடிக்கு 3A என்று பொத்தான் வைத்திருப்பதும் இந்தச் சாவு ஒலிக்குப் பயந்துதான். அந்த எண்ணையே காதலர்கள் ஆயுள் முழுவதும் என்பதற்கு வைத்துக்கொள்கிறார்கள், ஒருவரும் முகம் சுளிப்பதில்லை.

748 அக்காவை உறுத்திக்கொண்டே இருந்தது. 7 என்பது 'ச்சீ'. உதட்டைக் குவித்துக்கொண்டு அதையே சொன்னால் கிட்டத்தட்ட 'போ' என்பதற்கான சீனச் சொல் வந்துவிடும். 8 என்பது 'பா', நம் ஊர் 'டா', 'போயேன்' மாதிரி வாக்கியத்தின் வாலில் ஒட்டும் அசை. இரண்டு பையன்கள் கேலியில் சொல்லிக்கொண்டால் ஒன்றுமில்லை. பதிலுக்கு எதிர்ப்பக்கம் சிரிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிப்பே இல்லாமல் ஒருவனுக்கு மட்டும் பல பேர் 748 அனுப்பிக்கொண்டிருந்தால் அப்போது பையனிடம் பேச வேண்டும்.

இந்தப் பழக்கம் பரவியது 1990-களின் பேஜர் காலத்தில். மலிவான பேஜரின் சின்னத் திரையில் எண்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. திருப்பி அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணுக்கான இடம் அது. அந்த இடத்தில்தான் காதலையும் கோபத்தையும் நுழைத்தார்கள். பின்னர் வந்த பொத்தான் கைப்பேசிகளில் ஒரு சீன எழுத்துக்கு ஒலியைத் தட்டி, வரும் பட்டியலில் தேட வேண்டும். 88 என்று இரண்டு தட்டு தட்டுவது அதைவிட லேசு. இன்று தட்டச்சு வேகமாகிவிட்டது, அந்தத் தேவை போயே போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. நேரே "உன்னைக் காதலிக்கிறேன்" என்று எழுதக் கூச்சப்படுகிறவர்களுக்கு எண் ஒரு நல்ல திரை.

அதனால் எல்லா எண்ணையும் ஒலித்துப் பார்த்தே பொருள் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சிரிப்புக்கான 233 ஒலியால் வந்ததே அல்ல. மாப் என்ற சீன இணையதளத்தில் தரையைத் தட்டிச் சிரிக்கும் பொம்மைப் படத்துக்கு வரிசை எண் 233. படம் மறந்துபோய் எண் மட்டும் தங்கிவிட்டது. பின்னால் எத்தனை 3 சேர்க்கிறார்களோ அவ்வளவு சிரிப்பு. 996 என்பது காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, வாரத்துக்கு ஆறு நாள் வேலை; வெறும் கணக்கு. எல்லை தாண்டினாலும் பொருள் மாறும். 555 சீனத்தில் 'வூ வூ வூ' என்ற அழுகை. தாய்லாந்தில் 5-ஐ 'ஹா' என்பார்கள், அங்கே அது 'ஹா ஹா ஹா'.

666 என்றதும் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் சிலுவை போட்டுக்கொண்டாராம். அது சாத்தானின் எண் இல்லை. 6 என்பது 'லியோ'. அதே ஒலியுள்ள ஒரு சொல்லுக்கு வழுக்கிக்கொண்டு போவதுபோல லாவகமானது என்று பொருள். கணினி விளையாட்டில் பிரமாதமாக ஆடியவனுக்கு 666 போடுவார்கள். ஒன்றைக் கவனியுங்கள், மூன்று ஆறும் ஓர் ஆறும் ஒன்றல்ல. தனியாக ஒரு 6 மட்டும் வந்தால் பாராட்டும் இருக்கலாம், "பெரிய ஆளுதான் போ" என்ற நக்கலும் இருக்கலாம்.

இதெல்லாம் பிள்ளைகள் விளையாட்டு என்று ஒதுக்கவும் முடியாது. மே மாதம் 20-ஆம் தேதி, அதாவது 5.20, சீனாவில் காதலர் நாளாகவே ஆகிவிட்டது. திருமணப் பதிவு அலுவலகங்களில் அன்று வரிசை நிற்கும். வீசாட் செயலியில், பணம் வைத்துப் பரிசாகக் கொடுக்கும் ஓர் அங்பாவ் உறையில் வழக்கமாக 200 யுவான் வரைதான் வைக்க முடியும். மே 20-ஆம் தேதிக்கு மட்டும் அந்த உச்சவரம்பை 520 ஆக உயர்த்திய ஆண்டுகள் உண்டு. பிரிந்துபோன ஜோடி பணத்தைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் போனால், 520, 1314 என்று அனுப்பிய தொகைகளைக் கடன் என்று நிரூபிப்பது கஷ்டம். யாரும் கடனை அந்தக் கணக்கில் கொடுப்பதில்லை, அது அன்பளிப்பு என்றே அங்குள்ள நீதிமன்றங்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன.

அக்கா கடைசியாக, தனக்கும் பயன்படுகிற மாதிரி ஒன்று கேட்டார். 517 என்று சொல்லிக்கொடுத்தேன். தொலைபேசி எண்களில் 1-ஐ 'யீ' என்று சொன்னால் 7-இன் 'ச்சீ'யோடு குழம்பும் என்பதால் 'யாவ்' என்பார்கள். 'வூ யாவ் ச்சீ'. அது 'வோ யாவ் ச்சீ'யை, 'நான் சாப்பிடணும்' என்பதை, நினைவூட்டும். அன்றிரவு எட்டு மணிக்குச் சமையலறையிலிருந்தே மாடியில் இருந்த மகனுக்கு 517 என்று அனுப்பியிருக்கிறார். பதிலாக ஒரே ஒரு 6 வந்தது. பாராட்டுதான் என்று அக்கா அடித்துச் சொல்கிறார்.